மறந்துபோன கணக்கு, மினிமம் பேலன்ஸ் அபராதம்

கேள்வி: "தங்கச்சிமடம். மண்டபம் மீன் கம்பெனியில் வேலை பார்த்தபோது சம்பளத்துக்காகத் தனியார் வங்கியில் கணக்கு ஆரம்பித்தார்கள். 2022 ஜூன் 10-ல் கடைசியாகப் பணம் எடுத்தேன். 4,200 ரூபாய் மீதி. பிறகு வேலையும் போன் நம்பரும் மாறிவிட்டன. இப்போது எல்லாம் அபராதத்தில் போய், இன்னும் 1,180 கட்டு என்கிறார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். வழக்குப் போடலாமா?"

சகோதரி, மேனேஜர் பேசியதை விட்டுவிடுங்கள். அதற்கு வழக்கில் இடமில்லை. கேட்கவேண்டியது ஒன்றுதான்: 2024 ஜூன் 10 வரை நீங்கள் அந்தக் கணக்கைத் தொடவே இல்லையா?

இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் அது செயல்படாத கணக்கு. அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்க ரிசர்வ் வங்கி 2014-லேயே தடை போட்டுவிட்டது. வங்கி போடும் வட்டியும் பிடிக்கும் கட்டணமும் நீங்கள் தொட்டதாக ஆகாது. ஆனால் 2024 ஏப்ரல் 1 முதல், ஏடிஎம்மில் பேலன்ஸ் பார்த்தாலே தொட்டதாகக் கணக்கு. கீழக்கரைக் கட்சிக்காரர் ஒருவர் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது கார்டைச் செருகிப் பார்த்து, மொத்த வாதத்தையும் இழந்தார்.

தொடவில்லை என்றால் 2022 ஜூன் முதலான ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். 2024 ஜூன் 10 அன்று 1,900 இருந்ததாக வைப்போம். அதன்பின் பிடித்த அந்த 1,900 உங்கள் பணம். முன்னால் போன 2,300-க்கு வழக்குப் பலவீனம். முன்கூட்டி அறிவித்து ஒரு மாத அவகாசம் தந்த பிறகே வங்கி அபராதம் போட வேண்டும். அவர்களோ பழைய நம்பருக்கு மெசேஜ் அனுப்பியதாகக் காட்டுவார்கள். நம்பர் மாறியதை நீங்கள் சொல்லவில்லையே.

1,180-ஐக் கட்டவே கட்டாதீர்கள். இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது 2015 முதல் விதி. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்: தொல்லை தீரட்டும் என்று பணம் போடுவார்கள், அது அப்படியே பழைய பாக்கியில் கழிந்துவிடும். கேஒய்சி கொடுத்துக் கணக்கை உயிர்ப்பித்துவிட்டு மூடாமல் வருபவர்களுக்கு அடுத்த மாதமே அபராதம் திரும்ப ஓடும். உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. கேஒய்சியையும் மூடும் விண்ணப்பத்தையும் ஒரே நாளில் கொடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாள் நீட்டினால், பணம் வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

கிளையில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் நீங்களே பதியுங்கள். கட்டணமில்லை, வக்கீல் மூலம் வரும் புகாரை அங்கே ஏற்கவும் மாட்டார்கள்.

1,900-ஐத் திருப்பி, பாக்கியில்லை என்று எழுதித் தந்து மூடச் சம்மதித்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி 2,300-க்காக ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்கு நடந்தால், பஸ் செலவும் இழந்த கூலியுமே அதைத் தாண்டிவிடும்.