யூடியூபுக்குத் தனிக் கோப்பு, வாட்ஸ்அப்புக்குப் பதித்த எழுத்து

கேள்வி: தமிழ் விளக்க வீடியோ ஒன்றை யூடியூப், வாட்ஸ்அப், ரீல்ஸ் மூன்றிலும் போடணும். சப்டைட்டிலை வீடியோவிலேயே பதித்துவிடலாமா, இல்லை தனியா எஸ்ஆர்டி கோப்பா கொடுக்கணுமா?

பதில்:

யூடியூபில் தனிக் கோப்பு, மற்ற இரண்டிலும் பதித்த எழுத்து. அதனால் எழுத்தே இல்லாத சுத்தமான வீடியோ ஒன்றையும் எஸ்ஆர்டி கோப்பு ஒன்றையும் மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பதித்தது எப்போதும் அவற்றிலிருந்து எடுத்த நகலாகவே இருக்கட்டும்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வைத்துக்கொண்டு மாற்ற முடியாது. சப்டைட்டில் கோப்பை மட்டும் எப்போது வேண்டுமானாலும் திருத்தி மறுபடி ஏற்றலாம். பதித்த எழுத்தில் ஒரு பிழை வந்தால் பார்வைகளையும் கருத்துகளையும் இழந்து புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். அதோடு, பார்ப்பவர் சப்டைட்டிலை இயக்கினால் பதித்த வரி மேலேயே இன்னொரு வரி வந்து உட்காரும், இரண்டையும் படிக்க முடியாது. எஸ்ஆர்டியை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். வேறு குறியாக்கத்தில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்துபோகலாம்.

வாட்ஸ்அப்பில் வீடியோவோடு சப்டைட்டில் கோப்பை இணைக்க வழியே இல்லை. எம்பி4-க்குள் தனித் தடமாகச் சேர்த்து அனுப்பினாலும், சாதாரண வீடியோவாகப் போகும்போது அது மறுபடி சுருக்கப்படுகிறது, படமும் ஒலியும்தான் மிஞ்சும். ரீல்ஸிலும் பதிப்பதே நம்பகமான வழி.

பதிக்கும்போது பலர் இடறுவது எழுத்தின் அளவில். பதிக்கப் பயன்படும் ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருள், எஸ்ஆர்டியை உள்ளுக்குள் 288 அலகு உயரமுள்ள ஒரு திரையாகக் கணக்கிடுகிறது. `FontSize=16` என்பது 1080 உயரமுள்ள கிடைமட்ட வீடியோவில் 60 பிக்சல், பார்க்க அளவாக இருக்கும். அதே 16 ரீல்ஸின் 1920 உயரத்தில் கிட்டத்தட்ட 107 பிக்சல் ஆகிவிடும். அகலமோ வெறும் 1080 என்பதால் வரிகள் மடிந்து மடிந்து முகத்தை மறைக்கும். செங்குத்து வீடியோவுக்கு 10 வையுங்கள், சுமார் 67 பிக்சல் வரும். ரீல்ஸின் அடிப்பகுதியில் பயனர் பெயரும் விளக்கமும் வந்து மூடுவதால் எழுத்தை மேலே ஏற்ற வேண்டும். `MarginV=100` என்றால் கீழிருந்து 667 பிக்சல், அதாவது திரையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல்.

```
ffmpeg -i reel.mp4 -vf "subtitles=reel.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=10,Outline=0.6,MarginV=100'" -c:v libx264 -crf 18 -c:a copy reel_sub.mp4
```

ஓடும்போது திரையில் `fontselect` என்று ஒரு வரி வரும், அதைக் கட்டாயம் பாருங்கள். அம்புக்குறிக்குப் பின்னால் நோட்டோ தமிழ் இல்லாமல் வேறு பெயர் இருந்தால் உங்கள் எழுத்துரு கிடைக்கவில்லை, வேறொன்று அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ‘கொடுக்கும்போது’ மாதிரி ஒரு சொல் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள். ‘கொ’, ‘போ’ இரண்டிலும் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அது பின்னால் போய் ஒட்டியிருந்தால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. சில எடிட்டர்களிலும் இதே கோளாறு உண்டு. எழுத்துருவை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே பதிக்காமல் மேலே உள்ள கட்டளையில் பதியுங்கள்.

அடுத்த ஆபத்து புள்ளி. வாட்ஸ்அப் சுருக்கும்போது முதலில் அழிவது சின்னப் புள்ளிதான், ‘ம்’ ‘ம’ ஆகிவிடும். மெல்லிய எழுத்துருவும் வண்ண எழுத்தும் இதை மோசமாக்கும். வழக்கமான வீடியோ சுருக்கத்தில் நிறத்தின் விவரம் ஒளியின் விவரத்தில் கால்பங்குதான் சேமிக்கப்படுகிறது, அதனால் சிவப்பு எழுத்தின் விளிம்பு கலங்கிப்போகும். வெள்ளை எழுத்தும் கறுப்பு விளிம்பும் ஒளி வேறுபாட்டிலேயே நிற்பதால் தாங்கும். ஆனால் விளிம்பை ரொம்பத் தடிமனாக்கினால் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபட்டுப்போகும். முழு வீடியோவையும் அனுப்புமுன் 20 விநாடி வெட்டி உங்களுக்கே அனுப்பி, சின்னத் திரையுள்ள போனில் ‘ம்’, ‘ன்’ வரும் இடங்களைப் பாருங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் `FontSize`-ஐ ஒன்றிரண்டு கூட்டுங்கள். வரி நீண்டால் எஸ்ஆர்டியிலேயே அதை இரண்டு நேரத்துண்டாகப் பிரித்துவிடுங்கள்.

நாளை ஃபேஸ்புக்கிலும் போடுவதாக இருந்தால் அங்கே தனி எஸ்ஆர்டி ஏற்றலாம். கோப்பின் பெயர் `vilakkam.ta_IN.srt` என்ற வடிவில், மொழிக் குறியோடு இருக்க வேண்டும். அந்தக் குறி இல்லாவிட்டால் கோப்பை ஏற்காது.