பூனைக்கு மீன் மட்டும் போட்டால் என்ன ஆகும்?

"எங்கள் பூனை மத்தி, சூரை தவிர வேறு எதையும் தொடாது. தினமும் மீனே கொடுக்கலாமா?"

வேண்டாம். இதில் பெரிய ஆபத்து மஞ்சள் கொழுப்பு நோய். பூனையின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கிக் கெட்டிப்பட்டு வலிப்பதுதான் அது.

தூத்துக்குடி, ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு வரும் மத்தியும் சூரையும் எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள். திறந்து வைத்த எண்ணெய் காற்றுப் பட்டுக் காறிப்போவதுபோல, இந்த மீன் கொழுப்பு பூனையின் உடம்புக்குள்ளும் கெடும். அதைத் தடுப்பது வைட்டமின் ஈ. தினமும் மீனே என்றால் அது தீர்ந்துபோகும்.

மாதக்கணக்கில் மத்தி மட்டுமே தின்ற பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மதில் ஏறுவதை நிறுத்தும். அப்புறம் முதுகையோ வயிற்றையோ தொட்டாலே கத்தும், கடிக்க வரும். நாம் அதைக் கோபம் என்று நினைப்போம், உண்மையில் வலி. தொடையிடுக்கில் கட்டிகள் தட்டுப்படலாம், காய்ச்சலும் வரும். மீனை நிறுத்தி, மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் ஈ கொடுத்தாலும் தேற வாரக்கணக்கில் ஆகும். கோழிக்கறிக்கோ முழுச்சத்துள்ள பூனை உணவுக்கோ மெல்ல மாற்றி, மீனை வாரம் ஒருநாள் சிறு துண்டாகக் கொடுங்கள்.

மீனில் இன்னொரு கவலை பாதரசம் என்ற நச்சு. அது மத்தியில் குறைவு. சிறு மீன்களைத் தின்று வளரும் சூரையில்தான் அது சேரும்.

"வேகவைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருளை மட்டுமே வேகவைப்பது செயலிழக்கச் செய்யும்; பாதரசம் போகாது, வைட்டமின் ஈ பற்றாக்குறையும் தீராது.