பரிசு இல்லாத ஓட்டம்

எல்.கே.ஜி பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா. போட்டி இல்லாமல் ஓட்டம் எப்படி வைப்பது?

யார் முந்தியது என்று பார்க்காமல், எல்லாரும் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கிற ஓட்டம் இது. திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடிப்பதில் யார் முதலிடம்? அது மாதிரிதான். நாலு வயதில் ஆறு மாத மூப்பே காலில் தெரியும், அதனால் பரிசு பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கே போகும். இருபது பேரை ஐந்தைந்தாக விடுங்கள். பத்து மீட்டர் ஓடி, பந்தை எடுத்துவந்து ஒரே கூடையில் போடட்டும், கூடை நிறைந்தால் முடிந்தது.

டெல்டா புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்புச் சூடும் இறங்காது. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகத்தையும் சொல்வதில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு விசில், நிழலில் தண்ணீர். அப்புறம் பெற்றோர்: தண்ணீருக்கு ஒருவர், கோட்டுக்கு ஒருவர், கழிப்பறைக்கு ஒருவர். வேலை தராவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிடுவார்கள்.

போட்டி இல்லாவிட்டால் ஓட மாட்டார்கள் என்பார்கள்; உருளுகிற பந்தைக் கண்டு சும்மா நிற்கிற நாலு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.