குரல்கள் நின்றன, சிரிப்பு திரும்பவில்லையே?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஒன்றரை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறான். குளிக்க நாலு தடவை சொல்ல வேண்டும். அக்கா கல்யாணத்தில்கூட முகத்தில் சிரிப்பில்லை. "சோம்பேறி" என்று அவன் அப்பா திட்டுகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அது சோம்பேறித்தனம் இல்லை அம்மா, நோயின் இன்னொரு பாதி. குரல்களும் சந்தேகங்களும் நோய் கொண்டுவந்து போட்டவை. ஆர்வம், பேச்சு, முகபாவம் இவையெல்லாம் நோய் எடுத்துக்கொண்டு போனவை. இவற்றைத்தான் நெகட்டிவ் அறிகுறிகள் என்கிறோம். மாத்திரைகள் குரல்களை அடக்கும் அளவுக்கு இவற்றைச் சரிசெய்வதில்லை.

முகத்தில் தெரியாததால் மனதிலும் இல்லை என்று நினைக்காதீர்கள். சினிமாக் காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வுகளில், இந்த நோய் உள்ளவர்களின் முகம் அவ்வளவாக மாறவில்லை. ஆனால் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலும் மற்றவர்கள் அளவுக்கே உணர்ந்ததாகச் சொன்னார்கள். அக்கா கல்யாணத்தில் உங்கள் மகனும் சந்தோஷமாக இருந்திருக்கலாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். கை வீசாமல் நடக்கிறானா? உடம்பு விறைப்பாக இருக்கிறதா, கை நடுங்குகிறதா, வாயில் எச்சில் ஒழுகுகிறதா? இருந்தால் அது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கலாம். அதுவும் முகத்தை இறுக்கிவிடும். டாக்டர் அளவையோ மருந்தையோ மாற்றினால் குறையும். மனச்சோர்வும் இதே மாதிரி தெரியும். அழுகை, "நான் எதற்கு இருக்கணும்" என்ற பேச்சு இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எதுவானாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது வீட்டில் செய்வது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், மகனுக்குச் சாயங்காலம் பால் வாங்கும் வேலை ஒன்றை மட்டும் கொடுத்தோம். முதல் வாரம் அம்மா "போய் வா" என்று சொல்லவில்லை, "வா, போகலாம்" என்று கூடவே நடந்தார். இரண்டாவது வாரம் காசை அவன் கையில் கொடுத்துக் கடைக்காரரிடம் நீட்டச் சொன்னார். பிறகு தெருமுனையில் நின்றுகொண்டு அவனை மட்டும் அனுப்பினார். போகாத நாளில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அதே நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். மூன்று மாதத்தில் தானாகவே செருப்பைப் போட்டான். சீக்கிரம் முன்னேறட்டும் என்று இரண்டாவது வேலையை அவசரப்பட்டுச் சேர்த்திருந்தால், முதலாவதும் போயிருக்கும்.

குளியலும் அப்படித்தான். வாளியில் தண்ணீர், துண்டு, மாற்றுத்துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். பேச்சில், "என்ன வேணும்?" என்பதைவிட "தோசையா, இட்லியா?" அவனுக்கு எளிது. கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பதில் மெதுவாகத்தான் வரும்.

அவன் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளில் இந்த நோய் திரும்ப வருவது அதிகம் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அவரும் பயத்தில்தான் திட்டுகிறார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.