இரண்டு செமஸ்டர் ஜிபிஏ-வைக் கூட்டி இரண்டால் வகுத்தால் சிஜிபிஏ வராதா?

கேள்வி: கடலூரில் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்திருக்கிறேன். முதல் செமஸ்டர் 8.25, இரண்டாவது 7.20. சராசரி 7.73 வருகிறது, ஆனால் ரிசல்ட்டில் 7.67 என்று இருக்கிறது. தப்பா? ஒரு பேப்பர் அரியர் வேறு இருக்கிறது. அதை எழுதிப் பாஸ் செய்தால் சிஜிபிஏ ஏறுமா?

ரிசல்ட் சரிதான். முதல் செமஸ்டரையும் இரண்டாவதையும் சம எடையாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். மஞ்சக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ரிசல்ட் வரும் நாளில் இந்தக் கணக்கோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள், அதனால் பேப்பரில் போட்டே காட்டிவிடுவேன்.

முதலில் மார்க் எப்படி கிரேடு பாயின்ட் ஆகிறது என்று பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப்படி 91 முதல் 100 வரை 10 பாயின்ட், 81–90க்கு 9, 71–80க்கு 8, 61–70க்கு 7, 50–60க்கு 6. உங்களுக்கு எந்த ஒழுங்குமுறையோ அதன் அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள், செய்முறை ஒன்றுதான். ஒரு மாதிரி செமஸ்டர், மார்க், பிறகு பாயின்ட் × கிரெடிட் என்ற வரிசையில்:

```
கணிதம்         71   8 × 4 = 32
இயற்பியல்      68   7 × 3 = 21
வேதியியல்      65   7 × 3 = 21
ஆங்கிலம்       80   8 × 3 = 24
புரோகிராமிங்   81   9 × 3 = 27
லேப் 1         95  10 × 2 = 20
லேப் 2         92  10 × 2 = 20
மொத்தம்             20 கிரெடிட், 165
```

165-ஐ 20-ஆல் வகுத்தால் 8.25. இதில் ஆங்கிலத்தையும் புரோகிராமிங்கையும் கவனியுங்கள். மார்க்கில் ஒன்றுதான் வித்தியாசம், பாயின்ட்டில் ஒரு படியே மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் 81 வாங்கியிருந்தால் மொத்தம் 168 ஆகி ஜிபிஏ 8.40. ஒரே மார்க்குக்கு 0.15! அதே சமயம் இயற்பியலில் 68-க்குப் பதில் 61 வாங்கியிருந்தாலும் எதுவும் குறைந்திருக்காது. அந்த ஏழு மார்க்கும் கணக்கிலேயே வராது. ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அடுத்த படிக்கு எத்தனை மார்க் தேவை, அந்தப் பேப்பருக்கு எத்தனை கிரெடிட் என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். (ஆர்ட்ஸ் காலேஜில் படிக்கும் நண்பரோடு ஒப்பிடாதீர்கள். பல இடங்களில் அங்கே 80 மார்க்குக்கு 8.0, 81-க்கு 8.1 என்று தசமத்திலேயே பாயின்ட் போகும்.)

இப்போது உங்கள் கணக்கு. முதல் செமஸ்டர் 20 கிரெடிட், இரண்டாவது 25 என்று வைத்துக்கொள்வோம். ரிசல்ட்டில் வந்த எண்ணும் அப்படித்தான் ஒத்துப்போகிறது. முதலாவதில் 165 பாயின்ட். இரண்டாவதில் 7.20 × 25, அதாவது 180. மொத்தம் 345, கிரெடிட் 45.

```
CGPA = Σ(C × G) / ΣC = 345 / 45 = 7.67
```

நீங்கள் போட்ட சராசரி இரண்டு செமஸ்டருக்கும் ஒரே கிரெடிட் இருந்தால் மட்டும்தான் பொருந்தும். உங்களுக்குக் குறைந்த ஜிபிஏ வந்த செமஸ்டர்தான் கனமானது, அதனால் விடை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வரும் செமஸ்டர்களிலும் ஜிபிஏ-க்களைக் கூட்டாமல் பாயின்ட் மொத்தத்தையும் கிரெடிட் மொத்தத்தையும் தனித்தனியாக எழுதிவைத்து வாருங்கள். ஜிபிஏ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்பட்டது என்பதால் அதைத் திரும்பப் பெருக்கினால் சில சமயம் கடைசி இலக்கம் தவறும்.

அடுத்தது அரியர். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாஸ் ஆகாத பேப்பரை அண்ணா பல்கலைக்கழக முறையில் கணக்கில் சேர்ப்பதில்லை, அதன் கிரெடிட்டும் வகுக்கும் எண்ணில் வராது. உங்கள் 7.67 அந்தப் பேப்பர் இல்லாமல் வந்தது. அது 4 கிரெடிட் பேப்பர், 55 மார்க்கில் பாஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 6 பாயின்ட் என்றால் 24 சேரும்: 369-ஐ 49-ஆல் வகுத்தால் 7.53. பாஸ் செய்தும் சிஜிபிஏ இறங்கிவிட்டது! "அண்ணே, பாஸாகியும் குறைச்சிட்டாங்க" என்று என் கடையில் சண்டைக்கு வந்த தம்பியும் உண்டு. இந்த உதாரணத்தில் 7.67-க்கு மேல் ஏற வேண்டுமென்றால் அந்தப் பேப்பரில் குறைந்தது 8 பாயின்ட் வேண்டும், அதாவது 71 மார்க்.

அரியரைப் பூஜ்யமாகச் சேர்க்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் இப்போதே 345-ஐ 49-ஆல் வகுத்து 7.04 என்று காட்டும், பாஸ் செய்ததும் 7.53-க்கு ஏறும். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். உங்கள் காலேஜ் எந்த வகை என்று தெரிய, பாஸான பேப்பர்களை மட்டும் கூட்டி வகுத்துப் பாருங்கள். ரிசல்ட்டில் உள்ள அதே எண் வந்தால் அரியர் இன்னும் உள்ளே வரவில்லை.