மூன்றாம் ராத்திரி அழுகை ஏன் கூடுகிறது?

“எங்கள் மகளுக்கு 8 மாதம். தோளில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். டாக்டரிடம் கேட்டுவிட்டு, அழுதால் குறித்த நிமிடங்கள் காத்திருந்து, உள்ளே போய்ச் சமாதானப்படுத்திவிட்டு வெளியே வரும் ஃபெர்பர் முறையில் தானாகத் தூங்கப் பழக்க ஆரம்பித்தோம். முதல் ராத்திரி 45 நிமிடம் அழுதாள், இரண்டாம் ராத்திரி 20 நிமிடம்தான். ஆனால் அன்றே 2 மணிக்கு விழித்து அழுதாள். அரை மணி நேரம் பொறுத்த பிறகு, மனசு கேட்காமல் கணவர் தூக்கி ஆட்டித் தூங்கவைத்தார். நேற்று மூன்றாம் ராத்திரி ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுகை. மாமியார் ‘போதும், விட்டுவிடு’ என்கிறார். நிறுத்திவிடலாமா?”

காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இல்லையென்றால் நிறுத்த வேண்டாம். இந்த ஏற்றத்தை உளவியலில் ‘எக்ஸ்டிங்க்ஷன் பர்ஸ்ட்’ என்பார்கள். ஒரு வீட்டில் காலிங் பெல்லை ஒருமுறை அடித்தாலே கதவு திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் திறக்கவில்லை என்றால் உடனே திரும்பிப் போய்விட மாட்டோம். இன்னும் நாலு தடவை அடிப்போம், கதவைத் தட்டுவோம். பாப்பாவும் அதைத்தான் செய்கிறாள். 8 மாதமாக அழுதால் தோள் கிடைத்தது. இப்போது கிடைக்காததால் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கிறாள்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. வந்தாலும் சரியாக மூன்றாம் நாள்தான் வரும் என்றும் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் மூன்றாம் நாளில் கூடியதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, அந்த 2 மணி. அரை மணி நேரம் அழுத பிறகு தோள் கிடைத்தது. இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் தூக்குவார்கள் என்பதுதான் அவள் அன்று கற்றுக்கொண்டது. எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தருவதைவிட மெதுவாகத்தான் விட்டுப்போகும். கணவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் அப்படித் தோன்றாத பெற்றோர் குறைவு. ஆனால் தூக்குவது என்று முடிவெடுத்தால், அழ ஆரம்பித்ததுமே தூக்குங்கள். நீண்ட நேரம் அழவிட்டு, உச்சத்தில் தூக்குவதுதான் குழந்தைக்கும் உங்களுக்கும் இரட்டைச் சிரமம்.

இரண்டாவது, நீங்கள் பின்பற்றும் அட்டவணை. ஃபெர்பர் முறையில் முதல் நாள் காத்திருப்பு 3, 5, 10 நிமிடம். இரண்டாம் நாள் 5, 10, 12. மூன்றாம் நாள் முதல் காத்திருப்பே 10 நிமிடம், அப்புறம் 12, 15. கூடவே இரண்டு ராத்திரி தூக்கம் கெட்ட அலுப்பும் இருக்கும். அளவுக்கு மீறி அசந்துபோன குழந்தை தூங்க இன்னும் சிரமப்படும்.

அதனால் இன்று படுக்கை நேரத்தை அரை மணி நேரம் முன்னதாக வையுங்கள். பகலில் கடைசித் தூக்கம் முடிந்து ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் படுக்க வையுங்கள். பால் கொடுத்து முடித்து 20 நிமிடம் கழித்து, கண் விழித்திருக்கும்போதே மல்லாக்கப் படுக்கையில் விடுங்கள். முதலிலேயே 10 நிமிடம் தாங்க முடியவில்லை என்றால் எல்லா ராத்திரியும் 5, 10, 12 என்றே வைத்துக்கொள்ளலாம். எண் எதுவானாலும் நடுவில் மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். கைப்பேசியில் டைமர் வையுங்கள். அழுகைச் சத்தத்தில் இரண்டு நிமிடமே பத்து நிமிடம் போலத் தோன்றும். உள்ளே போனால் ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு. லேசாகத் தட்டிக்கொடுத்து, தினமும் ஒரே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, தூக்காமல், அவள் அழுதுகொண்டிருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். ஒரே அறையில் படுப்பவர்களானால் அவள் தூங்கும்வரை ஹாலில் இருங்கள்.

நடுராத்திரிப் பாலையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 8 மாதத்தில் சில குழந்தைகளுக்கு ஒருமுறை பசிக்கலாம். கடைசியாகக் குடித்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தால் விழித்ததும் கொடுங்கள், குடித்தபடியே தூங்கவிடாமல் படுக்கையில் விடுங்கள். ஐந்து மணி நேரம் ஆகவில்லை என்றால் டைமர்தான்.

மாமியாரிடம் பகலில், அழுகை இல்லாத நேரத்தில் பேசுங்கள். ராத்திரி 2 மணி பேசுவதற்கான நேரமில்லை. குழந்தை ஏங்கிப்போகும் என்பதுதான் அவர் பயமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படிப் படிப்படியாகப் பழக்கப்பட்ட குழந்தைகளை 6 வயதுவரை தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மன நலத்திலும் நடத்தையிலும் பெற்றோருடனான நெருக்கத்திலும் மற்றக் குழந்தைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒருவர் மட்டுமே உள்ளே போவது என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், வாந்தி, மூச்சுத் திணறல், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீறிடுதல், பகலிலும் பால் குடிக்க மறுத்தல் என்று எது தெரிந்தாலும் இந்தப் பழக்கத்தை உடனே நிறுத்தித் தூக்கிக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். குணமாகி இரண்டு நாள் ஆன பிறகு, முதல் நாளின் 3, 5, 10-இலிருந்து மறுபடியும் ஆரம்பியுங்கள். நோய் எதுவும் இல்லாமல், விதி மாறாமல் ஒரு வாரம் செய்தும் அழுகை கொஞ்சமும் குறையவில்லை என்றால், இது அவளுக்கு ஏற்ற முறை இல்லை. அப்போது சில வாரம் இடைவெளி விட்டு, படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சில நாளுக்கு ஒருமுறை நாற்காலியைக் கதவை நோக்கி நகர்த்திக்கொண்டே போகும் முறையைப் பாருங்கள்.