அந்தப் பையனை வீட்டுக்குள் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். போன வருடத்திலிருந்து ஒரு பையனோடு ரொம்ப நெருக்கம். அந்தப் பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிறான். பைக் ஓட்டுகிறான், என் மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சுற்றுகிறான். அவர்கள் தெருவே வேறு, வளர்ப்பும் அப்படித்தான். "தீ நட்பு" என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். சொன்னால் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்று என் கணவர் கேட்கிறார். ஜாதகத்திலும் சேர்க்கை சரியில்லை என்கிறார்கள். நட்பை வெட்டிவிடாமல், என் பயத்தை மட்டும் எப்படிச் சொல்வது?

ஒரு தாய், பாலக்கோடு

அன்புள்ள சகோதரிக்கு,

ஜாதகத்தை எடுத்து பீரோவில் வையுங்கள். பள்ளி மாற்றுவதும் வேண்டாம். பாலக்கோட்டில் எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் மண்டி அதே இடத்தில்தான் இருக்கும்.

வள்ளுவரை இழுத்தீர்கள், அதைக் கொஞ்சம் பார்ப்போம். தீ நட்பு, கூடா நட்பு இரண்டும் பொருட்பாலில் வருபவை. நண்பனைத் தேர்ந்தெடுக்கிறவனுக்குச் சொன்னவை, அவனைப் பெற்றவர்களுக்குச் சொன்னவை அல்ல. பிள்ளைகளைப் பற்றி அவர் பேசியது அறத்துப்பாலில், மக்கட்பேறு அதிகாரத்தில். அங்கே நண்பனை விரட்டு என்று ஒரு வரி கிடையாது. நட்பாராய்தலின் முதல் குறளையும் படியுங்கள். "நாடாது நட்டலிற் கேடில்லை நட்டபின் வீடில்லை நட்பாள் பவர்க்கு." ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போலக் கேடில்லை என்கிறார், சரி. ஆனால் நட்ட பிறகு விடுதலை இல்லை என்றும் அதே மூச்சில் சொல்கிறார். உங்கள் மகன் நட்டுவிட்டான். 'விடு' என்ற சொல் அவனிடம் இனி வேலை செய்யாது.

எனக்கும் வேலை செய்யவில்லை. நான் கிருஷ்ணகிரியில் பத்தாவது படித்தபோது என்னைவிட இரண்டு வயது மூத்த ஒருவன் எனக்கு உயிர். லாரியில் கிளீனராகப் போய் வருவான். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெங்களூர் ரோட்டில் பார்த்ததையெல்லாம் சொல்வான். உள்ளே இருக்கும் அப்பாவின் காதில் எல்லாம் விழும். ஒருநாள் அவன் சட்டைப் பையில் பீடிக்கட்டைப் பார்த்துவிட்டார். "இனிமே அவனோட சேர்ந்தா இந்தப் படி ஏறாத" என்றார்.

அன்றோடு திண்ணை காலியானது, நட்பு காலியாகவில்லை. அணைக்கட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்துக்குப் போய்விட்டோம். முன்பு வாரம் ஒருமுறை பார்த்தவனை மூன்று முறை பார்த்தேன். திண்ணையில் ஒருநாளும் பற்ற வைக்காதவன் அங்கே பற்ற வைத்தான், எனக்கும் நீட்டினான். பீடியைப் பற்றி அப்பா பயந்தது சரிதான். அது என் உதட்டுக்கு வந்தது அவர் தடை போட்ட பிறகு.

அந்த வாய்க்கால் மதகில்தான் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது. அவன் என்னைத் தோளில் சாய்த்துத் தெருமுனை வரை கொண்டுவந்தான். "நானே வந்து உங்கப்பாகிட்ட சொல்றேன்டா" என்று கெஞ்சினான். நான்தான் விடவில்லை. பள்ளிக்கூடத்துச் சுவரிலிருந்து குதித்தேன், சுளுக்கு என்று வீட்டில் சொன்னேன். நான்கு நாள் தைலம் தடவினார்கள். ஐந்தாம் நாள் வீக்கம் முழங்கைக்கு ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரி. எலும்பு கோணலாகவே கூடியது. இதைத் தட்டச்சு செய்யும்போதும் இடது கை முழுதாகத் திரும்பவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் நான் பார்த்தது இந்தக் கையைத்தான். உடைந்த கையை நான்கு நாள் மறைத்தேனே, அதுதான் தடையின் விலை. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-இல் இதையே வேறு வழியில் காட்டினார்கள். பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிவதில் பெரும்பகுதி பிள்ளை தானாக வந்து சொல்வதால் வருவது, கண்காணிப்பதால் வருவது குறைவு. 2012-இல் நெதர்லாந்தில் வந்த ஓர் ஆய்வில், நண்பர்களைப் பெற்றோர் தடுப்பதாக உணர்ந்த பிள்ளைகள் பிறகு தவறான சகவாசத்தில் கூடுதலாகவே போயிருந்தார்கள். போனை நோண்டினால் ஒரு வாரத்துக்குச் செய்தி கிடைக்கும். அப்புறம் அவன் பாஸ்வேர்டை மாற்றிவிடுவான், உங்களிடம் வாயையும் மூடிக்கொள்வான்.

இப்போது கோபமாக ஒன்று. "அவர்கள் தெருவே வேறு" என்று எழுதினீர்களே, அதை எதற்கு எழுதினீர்கள்? பைக்குக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஊர்ப்பக்கம் 'சேர்க்கை சரியில்லை' என்றால் பாதி நேரம் அதற்கு அர்த்தம் தெருதான். என் அப்பாவுக்கும் பீடி ஒரு சாக்கு. அதே பீடியைக் குடித்த என் மாமன் மகனை அவர் படியிறக்கவில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு இது உடனே தெரிந்துவிடும். தெரிந்தபின் நீங்கள் பைக்கைப் பற்றிச் சொல்லும் நியாயமும் அவன் காதில் தெருவாகத்தான் விழும். பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். நீங்களே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'வளர்ப்பு', 'மாதிரி ஆள்', 'அவங்க' எல்லாவற்றையும் அடியுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி அடித்தால் மிஞ்சுவது பைக் ஒன்றுதான். விடிவதற்குள் எழுந்து பெட்டி தூக்கிச் சம்பாதிப்பது குற்றம் இல்லை, தாயே.

பைக் பயம் நியாயமான பயம். பதினாறில் ஐம்பது சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் உண்டு, மற்றதற்குப் பதினெட்டு ஆக வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவன் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அதனால் சட்டத்தை உங்கள் மகன்மேல் வையுங்கள், நண்பன்மேல் வைக்காதீர்கள். 'அவனோடு போகாதே' என்பது வேறு, 'லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டும் வண்டியில் நீ ஏறக்கூடாது, அது உன் சித்தப்பா மகனாக இருந்தாலும்' என்பது வேறு. இரண்டாவதை அவன் கேட்பான், ஏனென்றால் அதில் அவன் நண்பனுக்கு அவமானம் இல்லை.

தாமதமாக வந்த ராத்திரியிலேயே பேசாதீர்கள். மறுநாள், நீங்கள் புளி ஆயும்போதோ அவன் சாப்பிடும்போதோ, முகத்துக்கு நேராக உட்காராமல் பேசுங்கள். "கண்ணு, வியாழக்கெழம ஒன்பதரைக்கு வந்த. ரெண்டு தடவ போன் போட்டேன், எடுக்கல. ரோட்டுல விழுந்து கெடக்கிறியோன்னு நெனச்சேன்." அவ்வளவுதான். "அவன நீ எப்பவும் தப்பாத்தான் பேசுவ" என்று பாய்வான். அவன் பெயரையே நீங்கள் எடுக்கவில்லை என்று வாதாடாதீர்கள். சும்மா இருங்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முதல் நாள் ஒன்றும் வராது. மூன்றாவது நான்காவது முறை ஏதாவது வரும்.

வீட்டில் பணம் காணாமல் போனாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ, கஞ்சா வாடை அடித்தாலோ, யாராவது அவனை மிரட்டினாலோ இந்தப் பொறுமை பொருந்தாது. அப்போது நேராக இறங்குங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

என் கை கட்டோடு இருந்தபோது அம்மாவுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் களி கிண்டி, உருண்டை பிடிக்கும்போது மூன்றாவது தட்டை வைத்தார். "அவனக் கூட்டிக்கிட்டு வா" என்றார். அவன் வாசலிலேயே நின்றான். அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். அப்பா வெளித் திண்ணையில் இருந்தார், எழுந்து போகவில்லை. கீரைக் கடைசலைக் களியில் குழைத்தபடியே அவன் அம்மாவிடம் மதகு, பாசி, நான் விழுந்த விதம் எல்லாவற்றையும் சொன்னான். பீடி கொடுத்ததையும் சொன்னான். நான் எட்டு வாரமாகச் சொல்லாததை அவன் ஒரு உருண்டை முடிவதற்குள் சொல்லிவிட்டான்.

மண்டிக்கு லீவு என்றைக்கு என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அன்றைக்கு மதியம் சாப்பிட வரச் சொல்லுங்கள், நடந்து வரச் சொல்லுங்கள்.